மூன்றாவது வரிசை

எங்கள் கல்லூரியில் அரியர் வைத்திருப்பவர்களுக்குத் தனி ஹால் கிடையாது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நடுவில்தான் உட்கார வேண்டும். போன முறை நான் உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் எழுந்து நின்று குட்மார்னிங் மேம் என்றாள். அவளுக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் போய் நான் உட்கார்ந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது அவள் முதுகிலேயே தெரிந்தது. அந்தப் பெண் பாஸ் ஆகிவிட்டாள். நான் ஆகவில்லை.

முதல் பருவத்துக் கணக்குத் தாள். இப்போது கடைசி ஆண்டில் இருக்கிறேன். மற்ற எல்லாத் தாள்களையும் எப்படியோ தாண்டிவிட்டேன். இது மட்டும் காலில் கட்டிய கட்டை மாதிரி கூடவே வருகிறது. ஆகஸ்டில் சென்னைக் கம்பெனி ஒன்று வளாகத் தேர்வுக்கு வந்து என்னை எடுத்துக்கொண்டது. வேலை ஆர்டரின் அடியில் ஒரு வரி இருந்தது: சேரும் நாளில் அரியர் எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. சேரும் நாளுக்கு முன்னால் இருந்தது இந்த ஒரு தேர்வுதான். இதில் போனால் வேலையும் போய்விடும்.

அந்தக் கடைசி வரியை என் அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அவர் பெயர் சடையன். எங்களுக்குக் கெங்கவல்லிப் பக்கம் மக்காச்சோளக் காடு. மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று கதிரடிக்கும் மெஷின் ஓட்டி வந்தவனிடம்கூடச் சொல்லியிருந்தார்.

தேர்வுக்கு முந்தைய இரவு, சங்ககிரி சாலையைப் பார்த்த எங்கள் விடுதி அறையில் நானும் என் அறைத்தோழி மதுமதியும் மட்டும் இருந்தோம். அவளுக்கு அடுத்த தேர்வு நான்கு நாள் கழித்து. அதனால் எனக்குச் சொல்லிக் கொடுக்க மனமிரங்கி முன்வந்திருந்தாள். மனமிரங்கி என்பது என் சொல் இல்லை. மெஸ்ஸில் தட்டு கழுவும்போது பக்கத்து அறைப் பெண்களிடம் அவளே சொன்னது. இந்தப் புள்ளய இன்னிக்கு நைட்டு எப்படியாச்சும் கரையேத்தி உடோணும் என்றாள். அவர்கள் என்னை ஆற்றில் மிதந்து வந்த பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

மதுமதிக்குக் குமாரபாளையம். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வீடு. ஆனால் தறிச் சத்தத்தில் படிக்க முடியாது என்று விடுதியில் இருந்தாள். வகுப்பில் முதலாவது. இதே கணக்குத் தாளில் அவள் வாங்கியது ஓ கிரேடு, அதற்கு மேல் கிரேடு கிடையாது. அவளுக்குக் கணக்குப் பிடிக்கும் என்று ஆசிரியர்கள் நினைத்திருந்தார்கள். உண்மையில் அவளுக்குப் பிடித்தது மார்க். கணக்கை அவள் ஒரு வேலைக்காரியை நடத்துவது போல நடத்தினாள்: வா, செய், போ.

நான் நேர்மாறு. ஒரு வரி புரியவில்லை என்றால் அதிலேயே நின்றுவிடுவேன். தேர்வு ஹாலில்கூட நின்றிருக்கிறேன். இதைப் பெரிய குணம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலமும் உண்டு. மூன்றாம் முறை ஹால் டிக்கெட் எடுத்தவளுக்கு அந்த நினைப்பெல்லாம் இருக்காது.

மேட்ரிக்ஸ் பாடத்திலிருந்து ஐகன் வேல்யூ கணக்கு நிச்சயம் வரும், பதினாறு மார்க், அதை மட்டும் விடாதே என்று தொடங்கினாள். காகிதத்தில் ஒரு மேட்ரிக்ஸ் எழுதினாள். முதல் வரிசை 5, 1, 1. இரண்டாவது 1, 1, 3. மூன்றாவது 1, 3, 1. அதன் கீழே, A மைனஸ் லாம்டா I, அதன் டிட்டர்மினன்ட் சமம் பூஜ்யம் என்று எழுதி, இந்த வரிக்கே இரண்டு மார்க் என்றாள். டிட்டர்மினன்ட் என்பது மேட்ரிக்ஸின் எண்களைக் குறுக்கும் நெடுக்கும் பெருக்கிக் கூட்டிக் கழித்து எடுக்கும் ஒற்றை எண்.

அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாலையில் போர்வெல் போடும் ரிக் லாரி ஒன்று இரைந்துகொண்டு மேடு ஏறியது. அது போய் அடங்குகிற வரைக்கும் பார்த்தேன்.

"ஏன்டி பூஜ்யம்?" என்றேன்.

"என்னது?"

"டிட்டர்மினன்ட்ட ஏன் பூஜ்யம்னு வெக்கறோம்? அஞ்சுன்னு வெச்சா என்னா?"

பேனாவைக் கீழே வைத்தாள். நெற்றியில் கை வைத்து என்னைப் பார்த்தாள். "ஏன்புள்ள, விடிஞ்சாப் பரிச்ச. இப்பப் போயி பூஜ்யத்துக்கு ஜாதகம் பாக்கற. அஞ்சுன்னு வெச்சா நீ அடுத்த தடவையும் அந்தப் பொடுசுங்ககூட உக்காந்து எழுதுவ, அதான் ஆகும்."

இரண்டு முறை அதைப் பூஜ்யம் என்று எழுதித்தான் பெயில் ஆனேன் என்றேன். அவள் சிரித்தாள். பூஜ்யத்தால் நான் பெயில் ஆகவில்லை, அதற்குப் பிறகு எழுதியதால் பெயில் ஆனேன் என்றாள். இந்தக் கல்லூரியில் யாருக்கும் ஏன் என்று தெரியாது, தெரிந்தவர் யாரும் இங்கே வேலைக்கு வந்திருக்க மாட்டார் என்றும் சொன்னாள். அதில் எனக்கு மறுப்பில்லை. முதல் ஆண்டில் இதே கேள்வியை ஆசிரியரிடம் கேட்டேன். டெஃபினிஷன் அம்மா, உட்கார் என்றார். உட்கார்ந்தேன். இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

டிட்டர்மினன்ட்டை விரித்து எழுதினால் நேரம் போகும், குறுக்கு வழி இருக்கிறது என்று மதுமதி சொன்னாள். அது எல்லோருக்கும் தெரிந்த வழிதான். விடுதி நடைவழியில் அந்த இரவு முழுக்க முதலாமாண்டுகள் அதைத்தான் மந்திரம் போல முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். மூலைவிட்டத்து எண்களின் கூட்டல் S1. மூலைவிட்டத்துச் சிறு டிட்டர்மினன்ட்களின் கூட்டல் S2. முழு டிட்டர்மினன்ட் S3. இவற்றைப் போட்டால் லாம்டாவில் முப்படிச் சமன்பாடு கிடைத்துவிடும்.

அவள் போட்டாள். S1 ஏழு. S2 பூஜ்யம். S3 மைனஸ் முப்பத்தாறு. லாம்டா க்யூப், ப்ளஸ் ஏழு லாம்டா ஸ்கொயர், மைனஸ் முப்பத்தாறு, சமம் பூஜ்யம். எண்களைக் கால்குலேட்டரில் தட்டினாள். விடை வந்தது: 2, மைனஸ் 3, மைனஸ் 6.

"பாத்தியா. முழு எண்ணு," என்றாள்.

எங்கள் விடுதியில் இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. புள்ளி வைத்த எண் வந்தால் தப்பு, முழு எண் வந்தால் சரி. கேள்வித்தாள் எடுப்பவர் நம்மைச் சுற்றவிட மாட்டார் என்ற நம்பிக்கை. கடவுள் மேல்கூட அவ்வளவு நம்பிக்கை வைத்தவர்களை நான் பார்த்ததில்லை.

அடுத்தது ஐகன் வெக்டர். லாம்டாவுக்கு 2 போட்டாள். மூலைவிட்டத்தில் ஒவ்வோர் எண்ணிலிருந்தும் இரண்டைக் கழித்தாள். வரிசைகள் 3, 1, 1 என்றும், 1, மைனஸ் 1, 3 என்றும், 1, 3, மைனஸ் 1 என்றும் ஆயின. முதல் இரண்டு வரிசைகளை எடுத்துக் குறுக்குப் பெருக்கல் செய்தாள். கை படு வேகம். 4, மைனஸ் 8, மைனஸ் 4. நாலால் வகுத்து 1, மைனஸ் 2, மைனஸ் 1 என்று கட்டம் கட்டினாள்.

"இதே மாதிரி இன்னும் ரெண்டு. பதினாறு மார்க்கு முடிஞ்சுது. இதுக்குத்தான் மூணு தடவ பரிச்ச எழுதற நீ."

மூன்றாவது வரிசையை அவள் தொடவே இல்லை. அது அங்கே எழுதியபடி கிடந்தது. கல்யாண வீட்டில் யாரும் வா என்று சொல்லாத உறவு மாதிரி.

அதை எதற்கு விட்டாய் என்று கேட்டேன். இரண்டு வரிசை போதும், அதுதான் மெத்தட் என்றாள். எந்த இரண்டு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எல்லாம் ஒரே விடைதான் தரும்.

"அப்ப மூணாவது எதுக்கு இருக்குது?"

"சும்மா இருக்குது."

"சும்மா எப்படி இருக்கும்? அதுவும் ஒரு சமன்பாடுதான?"

"தேவீ," என்றாள். பொறுமையை வாடகைக்கு எடுத்து வந்தவள் போல நிதானமாகப் பேசினாள். "உனக்கு என்ன பிரச்சன தெரியுமா? உனக்கு மூள கம்மின்னு நான் சொல்லல. நீ கம்மியா இருக்கறத அழகா வேற நெனச்சுக்கற. எல்லாரும் போற ரோட்டுல போகாம நின்னு கல்லு எண்ணற. அப்பறம் பஸ்ஸு போயிருச்சுங்கற."

அவள் சொன்னதில் பாதி உண்மை. பாதி உண்மைக்குப் பதில் சொல்வது கடினம். முழுப் பொய் என்றால் சண்டை போடலாம்.

அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். கட்டிலில் சாய்ந்து போனை எடுத்துக்கொண்டாள். நான் அந்தக் காகிதத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்று தெரிந்தது. விடியும் வரை அப்படியே விட்டுவிட்டால் நானும் அந்த மெத்தடை மனப்பாடம் செய்துகொண்டு போவேன். போன இரண்டு முறையும் அதைத்தான் செய்தேன். ப்ளஸ் வைத்தேனா, மைனஸ் வைத்தேனா என்பது ஹாலை விட்டு வெளியே வந்ததும் எனக்கே நினைவில் இருக்காது.

தொடக்கத்திலிருந்து எழுதிப் பார்த்தேன். ஒரு மேட்ரிக்ஸை ஒரு வெக்டரோடு பெருக்கினால் அது பெரும்பாலும் வேறு திசைக்குத் திரும்பிவிடும். சில வெக்டர்கள் மட்டும் தங்கள் கோட்டை விட்டு விலகாது. நீளும், சுருங்கும், அதே கோட்டில் பின்பக்கம் போகும், அவ்வளவுதான். எத்தனை மடங்கு என்பதுதான் லாம்டா. AX சமம் லாம்டா X. வலப்பக்கத்தை இடப்பக்கம் கொண்டுபோனால், A மைனஸ் லாம்டா I, பெருக்கல் X, சமம் பூஜ்யம். மூன்று சமன்பாடுகள். மூன்றுக்கும் வலப்பக்கம் பூஜ்யம்.

இதுவரைக்கும் எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. இதற்கு அடுத்த வரியில்தான் புத்தகம், ஆகவே டிட்டர்மினன்ட் பூஜ்யம் என்று குதிக்கிறது. ஆகவே என்ற சொல்லை எழுதுகிறவர்களுக்கு எந்தக் கூச்சமும் இருப்பதில்லை.

மூன்று சமன்பாடுகளுக்கும் வலப்பக்கம் பூஜ்யம் என்றால், X-க்குப் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று போட்டாலே சரியாகிவிடுமே. அது எந்த லாம்டாவுக்கும் சரியாகும். அந்த விடை நமக்கு வேண்டாம், ஒன்றுமே இல்லாத வெக்டருக்குத் திசையே கிடையாது. அப்படியானால் அது தவிர வேறு விடை எப்போது இருக்கும்?

சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. மதுமதி போனிலிருந்து கண்ணை எடுக்காமல், டிட்டர்மினன்ட் பூஜ்யம் இல்லை என்றால் அந்த மேட்ரிக்ஸைத் திருப்பிப் போடும் இன்வர்ஸ் இருக்கும், இரண்டு பக்கமும் இன்வர்ஸால் பெருக்கினால் X சமம் பூஜ்யம் என்று வந்துவிடும், அது ட்ரிவியல் சொல்யூஷன், இரண்டு மார்க் கேள்வி என்று ஒப்பித்தாள். ஒப்பித்து முடித்ததும் மறுபடி போனுக்குள் போய்விட்டாள்.

நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கையிலேயே இருந்திருக்கிறது. மூன்றரை ஆண்டுகளாக வைத்திருக்கிறாள். இரண்டு மார்க் கேள்விக்கான அறையில் ஒரு பாதி, பதினாறு மார்க் கேள்விக்கான அறையில் இன்னொரு பாதி. இரண்டுக்கும் நடுவில் அவள் ஒரு கதவு வைக்கவே இல்லை.

"மறுபடி சொல்லு," என்றேன்.

சலிப்போடு மறுபடி சொன்னாள்.

"அப்ப பூஜ்யம் இல்லாத வரைக்கும் நமக்கு வேண்டாத அந்த ஒரே விடைதான் இருக்கும். வேற விடை வேணும்னா இன்வர்ஸ் இருக்கக் கூடாது. அதுக்குத்தான் பூஜ்யம். நாம வெக்கல. வேற வழியில்லாம வருது."

"செரி. சந்தோசமா? தூங்கலாமா?"

நான் தூங்கப் போகவில்லை. சிறியதாக ஒன்று எழுதினேன். x ப்ளஸ் y சமம் பூஜ்யம், x மைனஸ் y சமம் பூஜ்யம். இரண்டும் வேறு வேறு செய்தி சொல்கின்றன; இரண்டையும் கேட்டால் பூஜ்யம் தவிர வழியில்லை. டிட்டர்மினன்ட் மைனஸ் இரண்டு. பிறகு x ப்ளஸ் y சமம் பூஜ்யம், 2x ப்ளஸ் 2y சமம் பூஜ்யம். இரண்டாவது புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, முதலாவது சொன்னதையே உரக்கச் சொல்கிறது. டிட்டர்மினன்ட் பூஜ்யம். இங்கே 1, மைனஸ் 1 பொருந்துகிறது. 5, மைனஸ் 5 பொருந்துகிறது. டிட்டர்மினன்ட் பூஜ்யம் என்றால் ஏதோ ஒரு வரிசை மற்றவை சொன்னதையே திருப்பிச் சொல்கிறது என்று அர்த்தம். அதனால்தான் அதை விட்டுவிடலாம். மூன்றாவது வரிசை தானாகச் சும்மா இருக்கவில்லை. சரியான லாம்டா அதைச் சும்மா இருக்க வைக்கிறது.

அப்படியானால் மதுமதி கட்டம் கட்டி வைத்த வெக்டர் மூன்றாவது வரிசைக்கும் பொருந்த வேண்டும். போட்டுப் பார்த்தேன். 1, மைனஸ் 6, ப்ளஸ் 1. மைனஸ் நாலு.

என் பெருக்கல் மீது எனக்கு நம்பிக்கை கிடையாது. மறுபடி போட்டேன். மைனஸ் நாலுதான். முதல் வரிசையில் போட்டேன், பூஜ்யம். இரண்டாவதில் போட்டேன், பூஜ்யம். மூன்றாவதில் மைனஸ் நாலு. அந்த மேட்ரிக்ஸின் டிட்டர்மினன்ட்டையே போட்டுப் பார்த்தேன். மைனஸ் பதினாறு. பூஜ்யம் என்று எழுதியிருந்தோம். பூஜ்யமாக இல்லை.

அந்த மைனஸ் பதினாறைச் சுற்றிக் கட்டம் கட்டினேன். பயமா என்று பார்த்துக்கொண்டேன். இல்லை.

"மது, நீ போட்ட லாம்டா தப்பு."

போனைக் கீழே வைக்காமலே சிரித்தாள். "முழு எண்ணு வந்துச்சே."

"முழு எண்ணாத் தப்பா வந்திருக்குது."

கால்குலேட்டர் பொய் சொல்லாது என்றாள். நான் கால்குலேட்டரைக் குறை சொல்லவில்லை என்றேன். வரிசை மாற்றிப் பெருக்கியிருப்பாய், உனக்குக் குறி தப்பும், உன் கையெழுத்தே உனக்குப் புரியாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே இறங்கி வந்தாள். காகிதத்தை வாங்கினாள். மூன்றாவது வரிசையில் தானே போட்டாள். ஒரு முறை, இரண்டு முறை. பிறகு இரண்டாவது, மூன்றாவது வரிசைகளை எடுத்துக் குறுக்குப் பெருக்கல் செய்தாள். வேறு வெக்டர் வந்தது. எந்த இரண்டை எடுத்தாலும் ஒரே விடை என்று கொஞ்சம் முன்புதான் சொல்லியிருந்தாள்.

மதுமதி பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. பழக்கமில்லாததால் மூச்சைப் பிடித்துக்கொள்வது போல இருந்தாள். எனக்கு அந்த மௌனம் என் வீட்டுத் தின்பண்டம் மாதிரி ருசித்தது. நான் அதைக் கலைக்கவில்லை.

"இது கேள்வியே தப்பு. நான் சும்மா மனசுல தோணுனத எழுதுனேன்," என்றாள் கடைசியில்.

எந்த மேட்ரிக்ஸுக்கும் ஐகன் வேல்யூ உண்டு, கேள்வி எப்படித் தப்பாகும் என்றேன்.

நான் இரண்டு வரிசை மேட்ரிக்ஸ் ஒன்றை எழுதி அதன் டிட்டர்மினன்ட்டை விரித்தேன். a மைனஸ் லாம்டா, d மைனஸ் லாம்டா, இரண்டையும் பெருக்கி, bc கழித்தால், லாம்டா ஸ்கொயர், மைனஸ், அடைப்புக்குள் a ப்ளஸ் d, பெருக்கல் லாம்டா என்று தொடங்குகிறது. மூலைவிட்டக் கூட்டலுக்கு முன்னால் மைனஸ் தானாகவே வந்து நிற்கிறது. யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மூன்று வரிசைக்கும் அப்படியே விரித்தேன். லாம்டா க்யூப், மைனஸ் S1 லாம்டா ஸ்கொயர், ப்ளஸ் S2 லாம்டா, மைனஸ் S3. ஒன்று விட்டு ஒன்று மைனஸ். அவள் எல்லாவற்றுக்கும் ப்ளஸ் போட்டிருந்தாள். முதல் ஆண்டில் மைனஸோடுதான் மனப்பாடம் செய்திருப்பாள். ஓ கிரேடு வாங்கியதும் மைனஸ்கள் உதிர்ந்துவிட்டன.

லாம்டா க்யூப், மைனஸ் ஏழு லாம்டா ஸ்கொயர், ப்ளஸ் முப்பத்தாறு. கால்குலேட்டரை அவளிடமே நீட்டினேன். தட்டினாள். மைனஸ் 2, 3, 6.

எல்லாக் குறியும் தப்பினால் எல்லா விடையும் தலைகீழாகிறது, அதுவும் முழு எண்ணாகவே. கேள்வித்தாள் எடுப்பவர் மேல் வைத்த நம்பிக்கை அந்த இடத்தில்தான் குப்புற விழுந்தது. மைனஸ் இரண்டைப் போட்டதும் வரிசைகள் 7, 1, 1 என்றும், 1, 3, 3 என்றும், மறுபடி 1, 3, 3 என்றும் ஆயின. மூன்றாவது வரிசை இரண்டாவதை அப்படியே பார்த்து எழுதியிருந்தது. பரீட்சை ஹாலில் பிடிபட்ட ஜோடி மாதிரி.

"ஐகன் வேல்யூவக் கூட்டுனா மூலைவிட்டக் கூட்டல் வரோணும்," என்றாள் மதுமதி மெதுவாக. "அதும் ரெண்டு மார்க்குக் கேள்விதான். நான் கூட்டவே இல்ல. மைனஸ் ஏழு வந்திருக்கும்."

"ஆமா."

"நீ மட்டும் கேக்காம இருந்திருந்தா நாளைக்கு அதையே எழுதியிருப்ப."

"ஆமா."

"அப்பறம் பெயிலாயி, மதுமதிதான் சொல்லிக் குடுத்தான்னு ஊரெல்லாம் சொல்லியிருப்ப."

என் வேலை போயிருக்கும் என்பதைவிட அவள் பெயர் போயிருக்கும் என்பது அவளுக்கு முதலில் தோன்றியதைக் கவனித்துக்கொண்டேன். அவள் விளக்கின் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்துவிட்டாள். நான் மற்ற இரண்டு வெக்டர்களையும் போட்டு, மூன்றாவது வரிசையில் சரிபார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

மறுநாள் ஹாலில் எனக்கு இருபுறமும் முதலாமாண்டுப் பெண்கள். கணக்கு வந்தது, வேறு மேட்ரிக்ஸ். டிட்டர்மினன்ட்டை முழுதாக விரித்தேன். பக்கத்துப் பெண் S1, S2, S3 போட்டு, எனக்கு முன்னாலேயே கூடுதல் தாள் கேட்டு எழுந்துவிட்டாள். நான் ஊர்ந்துகொண்டிருந்தேன். மூன்று லாம்டாவும் கிடைத்தன. முதல் வெக்டரை மூன்றாவது வரிசையில் போட்டேன். பூஜ்யம் வரவில்லை.

கெங்கவல்லி முழுக்க ஒரு முறை கண் முன்னால் ஓடியது. பிறகு, எதை எங்கே தேட வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்பது நினைவுக்கு வந்தது. போன இரண்டு முறையும் தப்பு நடந்ததே தெரியாமல் கட்டம் கட்டிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். இப்போது தாளே என்னிடம் தப்பு என்கிறது. லாம்டா மூன்றையும் கூட்டினேன். மூலைவிட்டக் கூட்டல் சரியாக வந்தது. அப்படியானால் தப்பு அதற்குப் பிறகு. மேலே பார்த்தேன். அந்த வெக்டருக்கு நான் எடுத்த லாம்டா, மைனஸ் ஒன்று. மூலைவிட்டத்தில் இருந்த இரண்டிலிருந்து மைனஸ் ஒன்றைக் கழித்தால் மூன்று. நான் ஒன்று என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மூன்றாவது வரிசை அடங்கியது. இதற்குப் போன நேரத்தில் கடைசிக் கேள்வியைப் பாதியில் விட வேண்டியதாயிற்று.

வெளியே வந்தபோது மதுமதி இல்லை. அன்று மாலை எப்படி எழுதினாய் என்று கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இருந்தது. சோப்பு எடுத்துக்கொள், ஃபேனைக் குறை என்ற அளவில். அவள் தன் தேர்வுகளை எழுதினாள். இரவில் அவள் மேஜையைக் கடக்கும்போது பார்ப்பேன். பாடப் புத்தகத்தில் ஏதாவது ஒரு வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருக்கும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. நான் பார்ப்பது தெரிந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவாள்.

ரிசல்ட் வந்த நாளில் இணையதளம் வெகுநேரம் திறக்கவில்லை. விடுதி முழுக்கப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றது. எனக்குத் திறந்தபோது மதுமதி பக்கத்தில் இருந்தாள். என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். சி கிரேடு. பாஸ் என்பதற்கு இருக்கிற கிரேடுகளிலேயே கடைசி.

கம்பெனிக்கு மெயிலில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. நன்றி, சேரும் நாளில் மாற்றம் இல்லை. அப்பாவுக்குச் சொல்ல எதுவும் இல்லை. அவரைப் பொறுத்தவரை எனக்கு வேலை ஆகஸ்டிலேயே கிடைத்துவிட்டது.

"சி," என்றாள் மதுமதி. "இதுக்கா அன்னிக்கு ராத்திரி அத்தன அலப்பற."

"ஆமா."

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சாலையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அவசரம் இல்லை.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. நான் போட்டது தப்புன்னு தெரிஞ்சப்ப உனக்கு எப்படி இருந்துச்சு? உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டியா?"

யோசித்தேன். யோசிக்க ஒன்றும் இல்லைதான்.

"நெறைய," என்றேன்.

தலையை ஆட்டினாள். "அது தெரிஞ்சுதான் நான் இத்தன நாளு பேசல," என்றாள். பிறகு, தன் போனில் தன் ரிசல்ட் திறக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினாள்.